முதல் படமும் 1,500 ரூபாய் வித்தியாசமும்

கேள்வி:

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். அப்பா அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சரக்கெல்லாம் விருதுநகர் மண்டியிலிருந்து வரும். போன வாரம் ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில், "ஏதோ செயலியில் படம் போட்டா கணக்குப் பார்த்துச் சொல்லுதாமே, இந்தப் பில்லைப் போட்டுப் பாரும்மா" என்று அப்பா கேட்டார். இதுவரை அவர் எந்த ஏஐ செயலிக்கும் படம் அனுப்பியதில்லை. அவரே எடுக்கட்டும் என்று அவருடைய போனையே அவர் கையில் கொடுத்தேன். கல்லாப்பெட்டி மேல் பில்லை வைத்து, நின்றபடியே எடுத்தார். அதை வாட்ஸ்அப்பில் என் போனுக்கு அனுப்பச் சொல்லி, நான் செயலியில் ஏற்றினேன். "இந்தப் பில் சரியா என்று கூட்டிப் பார்த்துச் சொல்" என்று அப்பா சொல்ல, தமிழிலேயே தட்டினேன்.

உளுத்தம் பருப்பை 'உப்பு' என்று அது காட்டியதும் அப்பா சிரித்துவிட்டார். ஆனால் மொத்தம் 12,070 ரூபாய் என்று வந்ததும் முகம் மாறிவிட்டது. பில்லில் இருப்பது 10,570. "மண்டிக்காரர் 1,500 ரூபாய் குறைச்சுப் போட்டிருக்கார், பாவம், நாளைக்கே கொடுத்துடணும்" என்று போனை எடுத்துவிட்டார். நான் தடுத்து, கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். பில் சரியாகத்தான் இருந்தது. இப்போது அப்பா, "இந்த வேலையே வேண்டாம்" என்கிறார். எங்கே தப்பு நடந்தது? எப்படி அனுப்பினால் சரியாக வரும்? பில்லை இப்படி அனுப்புவதில் ஆபத்து உண்டா? அந்தப் படத்தையும் விடையையும் இணைத்திருக்கிறேன்.

– மாணவி, அருப்புக்கோட்டை

பதில்:

நீங்கள் அனுப்பிய படத்தையும் விடையையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தப்பு நடந்த இடத்தை அந்த 1,500 ரூபாயே காட்டிக்கொடுக்கிறது. பில்லில் நான்கு வரிகள்தான். துவரம் பருப்பு 30 கிலோ, கிலோ 128 ரூபாய், ஆக 3,840. உளுத்தம் பருப்பு 25 கிலோ, 116 ரூபாய், ஆக 2,900. சர்க்கரை 50 கிலோ, 43 ரூபாய், ஆக 2,150. கடலைப் பருப்பு 20 கிலோ, 84 ரூபாய், ஆக 1,680. மொத்தம் 10,570. செயலி தந்த விடையில் மூன்று வரிகள் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது வரி மட்டும் '25 கிலோ, 176 ரூபாய், 4,400' என்று மாறியிருக்கிறது. 116-இன் நடுவில் உள்ள 1, அதற்கு 7 ஆகிவிட்டது. கிலோவுக்கு 60 ரூபாய் கூடினால் 25 கிலோவுக்கு 1,500 ரூபாய்.

படத்தில் அந்த 1 இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த மடிப்புக் கோடு, சரியாக அந்த எண்ணின் தலையில் குறுக்கே போகிறது. ட்யூப்லைட் பின்னால் இருந்ததால் அப்பாவின் நிழலும் அங்கேயே விழுந்திருக்கிறது. மங்கிய கார்பன் காப்பியில், தலையில் கோடு போட்ட 1 எப்படித் தெரியும்? 7 போலத்தான் தெரியும்.

ஆனாலும் பக்கத்திலேயே 2,900 என்று தெளிவாக எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் இரண்டாவது தப்பு இருக்கிறது. நீங்கள் ஒரே செய்தியில் படிக்கவும் கூட்டவும் சரிபார்க்கவும் சொல்லிவிட்டீர்கள். அது 25-ஐயும் 176-ஐயும் எடுத்துப் பெருக்கி, வந்த விடையைத் தொகை இருந்த இடத்தில் போட்டுவிட்டது. பில்லில் எழுதியிருந்த 2,900 விடையில் எங்குமே இல்லை. தெளிவாகத் தெரியாத இடத்தில் பொருத்தமாக எதையாவது நிரப்பிவிடுவது இந்தச் செயலிகளின் இயல்பு. 'இந்த எண் எனக்குத் தெரியவில்லை' என்று அது தானாகச் சொல்லும் என எதிர்பார்க்க முடியாது. சரியாகப் படித்த மூன்று வரிகளையும் தப்பாகப் படித்த ஒரு வரியையும் ஒரே உறுதியோடுதான் காட்டும்.

'உப்பு' வந்ததற்கும் காரணம் இதுவே. மண்டிச் சீட்டில் 'உ.ப' என்று சுருக்கி எழுதியிருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அது உளுத்தம் பருப்பு என்று பார்த்ததும் தெரியும், செயலிக்குத் தெரியாது. பெயரில் வந்த தப்பை அவர் உடனே பிடித்துவிட்டார். எண்ணில் வந்த தப்பை நம்பிவிட்டார். கடைக்காரர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இது. பொருளின் பெயரே தப்பாக இருக்கிற வரியில் எண்ணும் தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இனி, படம் எடுக்கும் முறை. இப்போதைய போன்களில் பல, நீளவாட்டில் 4,000 பிக்சல் அளவுக்குப் படம் எடுக்கின்றன. ஆனால் ஏஐ செயலிகள் பலவும் பெரிய படத்தை அப்படியே பார்ப்பதில்லை, சுருக்கிக்கொண்டுதான் பார்க்கின்றன. எவ்வளவு சுருக்கும் என்பது செயலிக்குச் செயலி மாறும். நீளவாட்டில் 1,600 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்பா எடுத்த படத்தில் தராசு, பேனா ஸ்டாண்டு, பிஸ்கட் டப்பா எல்லாம் இருக்கின்றன. பில் இருப்பது படத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியானால் 20 சென்டிமீட்டர் பில்லுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 530 பிக்சல். அதில் 3 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் எண்ணுக்கு 8 பிக்சல்தான் மிஞ்சும். அந்த 8 பிக்சலில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு புள்ளிகளே. அதே பில் படம் முழுவதையும் அடைத்திருந்தால் அந்த எண்ணுக்கு 24 பிக்சல் கிடைத்திருக்கும். அப்போது மடிப்பு வேறு, எழுத்து வேறு என்று பிரிந்து தெரிய வாய்ப்புண்டு.

ஆகவே பில்லை விரித்து, மடிப்பைக் கையால் நீவி, ஓரங்களில் எடைக்கல் வைத்துச் சமமாக்குங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வராமல் பக்கவாட்டில் வரட்டும். போனைப் பில்லுக்கு நேர் மேலே பிடித்து, நான்கு ஓரங்களும் படத்தின் ஓரத்தைத் தொடுகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கே ஓர் எண் தெரியவில்லை என்றால் திரும்ப எடுப்பதுதான் வழி. இருபது முப்பது வரி உள்ள நீளப் பில்லாக இருந்தால் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு படமாக எடுங்கள். ஒரு வரி மட்டும் இரண்டிலும் வந்தால் எதுவும் விட்டுப்போகாது.

வாட்ஸ்அப் வழியாக உங்கள் போனுக்கு மாற்றியதிலும் இழப்பு இருக்கிறது. அதில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போய்ச் சேரும். எந்தப் போனில் எடுக்கிறீர்களோ அதிலிருந்தே நேராக ஏற்றுங்கள். முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஹெச்டி தரத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அடுத்தது, படத்தோடு எழுதும் செய்தி. வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் செய்தி இப்படி இருக்கலாம்: "இது மளிகை மொத்தக் கடைப் பில். உ.ப என்றால் உளுத்தம் பருப்பு, து.ப துவரம் பருப்பு, க.ப கடலைப் பருப்பு. பில்லில் உள்ளபடியே பொருள், அளவு, விலை, தொகை என்று நான்கு பத்தியாக எழுது. எதையும் பெருக்காதே, கூட்டாதே, திருத்தாதே. சந்தேகமான எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடு." கேள்விக்குறி போடச் சொன்னாலும் எல்லாத் தப்புக்கும் அது குறி போட்டுவிடாது. அதனால், வந்த பட்டியலை அப்பா காகிதத்தைப் பார்த்து வாசிக்க, நீங்கள் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். அது முடிந்த பிறகுதான் கூட்டச் சொல்ல வேண்டும்.

இந்த முறையில் உங்களுக்கு ஒரு காவல் கிடைக்கிறது. அளவையும் விலையையும் பெருக்கினால் தொகை வர வேண்டும். இரண்டாவது வரி இப்போதும் 176 என்று வந்திருந்தால், 25-ஐ 176-ஆல் பெருக்கி 4,400 என்று பார்ப்பீர்கள். பக்கத்தில் பில்லின் 2,900 நிற்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று மண்டிக்காரர் கணக்கில் தப்பு, அல்லது செயலி படித்ததில் தப்பு. காகிதத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் மண்டிக்கு போன் செய்யக் கூடாது.

கடைசியாக ஆபத்து பற்றி. பருப்பு விலை வெளியே தெரிவதால் பெரிய கேடு எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது பில்லின் தலைப்பும் அடியும். அங்கே ஜிஎஸ்டி எண், கைபேசி எண், சில பில்களில் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில், தமிழ்நாட்டைக் குறிக்கும் 33-க்கு அடுத்த பத்தும் பான் எண்தான். தனி ஆள் நடத்தும் கடை என்றால் அது அவருடைய சொந்தப் பான் எண். கணக்குப் பார்க்க இவை எதுவும் தேவையில்லை. அனுப்பும் முன் அந்தப் பகுதிகளை வெட்டிவிடுங்கள், அல்லது ஒரு வெள்ளைத் தாளால் மூடிப் படம் எடுங்கள். வாடிக்கையாளர்களின் பற்று நோட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் படமெடுத்து அனுப்ப வேண்டாம். அதில் இருப்பது பிறருடைய பெயரும் கடனும்.

நீங்கள் இன்னும் 18 வயது நிரம்பாதவர் என்பதால், செயலியின் கணக்கு அப்பாவின் பெயரிலும் அவருடைய போனிலும் இருப்பதே சரி. பல செயலிகளில், நாம் அனுப்புவதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்று தீர்மானிக்க அமைப்புகளில் ஒரு தேர்வு இருக்கிறது. முதல் நாளே அதை அணைத்துவிடுங்கள். படங்களைப் பார்க்க அனுமதி கேட்கும்போது எல்லாப் படங்களுக்கும் கொடுக்காமல், தேர்ந்தெடுத்த படத்துக்கு மட்டும் கொடுங்கள்.

அப்பா இதை அடியோடு விட வேண்டியதில்லை. நீளமான பில்லைத் தட்டச்சு செய்து கணக்கு நோட்டில் ஏற்றும் நேரத்தை இது மிச்சப்படுத்தும். ஆனால் பில் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அதனிடம் விடாதீர்கள். நான்கு வரிப் பில்லுக்குக் கால்குலேட்டரே போதும். பணம் கொடுப்பதும் வாங்குவதும் காகிதத்தில் உள்ள எண்ணை வைத்துத்தான் நடக்க வேண்டும்.