சிவப்பு என்றால் எவ்வளவு மழை?

ஜூன் பிறந்துவிட்டால் மும்பை வாழ் நம் குடும்பங்களில் காலைக் காப்பியோடு, "இன்றைக்கு மஞ்சளா, ஆரஞ்சா?" என்ற கேள்வியும் எழும். இந்திய வானிலைத் துறை தரும் இந்த நிறங்களைச் சரியாகப் படிப்பது எப்படி என்று பார்ப்போம்.

நிறம் முதலில் சொல்வது, நாம் செய்ய வேண்டியதை. பச்சைக்கு ஒன்றும் வேண்டாம். மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள்: தரைத்தளத்தில் குடியிருப்போர் ரேஷன் கார்டு, அரிசி, மருந்து எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிடலாம். சிவப்பு, செயலில் இறங்கும் நேரம். வெளியே போவதைத் தவிர்த்து, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேட்டுக்கு மாறிவிட வேண்டும். பள்ளி விடுமுறை தனி உத்தரவு. சிவப்பு வந்ததுமே விடுமுறை என்று எண்ணிவிடக் கூடாது.

மழைக்கான சிவப்பு பொதுவாக 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்பதைக் குறிக்கும். இந்த நாள் கணக்கு காலை 8.30க்கு முடிகிறது, நள்ளிரவில் அல்ல.

எச்சரிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மழைமானிகளில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் என்பது அதன் பொருள். நிறம் மாவட்டம் முழுவதற்கும் பூசப்படும். மழையோ அப்படிப் பெய்வதில்லை. 2005 ஜூலை 26 மழையில் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பதிவானது. அதே நாளில் கொலாபாவில் சுமார் 73 மி.மீ. தான்! கொலாபாக்காரர் ஜன்னல் வழியே பார்த்து, "ஏதோ தூறல்" என்று ரயிலேறியிருந்தால் என்னவாகியிருக்கும்?

நிறத்தோடு கடலேற்ற நேரத்தையும் பார்க்க வேண்டும். ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் வேளையில் மழைநீர் கடலுக்குள் வடியாது. அப்போது ஆரஞ்சு மழைகூட சயான், மாட்டுங்கா தெருக்களில் முழங்காலளவு நின்றுவிடும்.

புயலுக்கு இதே நிறங்கள் காலத்தைக் காட்டுகின்றன. கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரமாவது இருக்கையில் மஞ்சள், 24 மணி நேரம் முன்பாக ஆரஞ்சு, கரையேற 12 மணி நேரம் முன்பாகச் சிவப்பு என்பது முறை. வீடு மாறுவோர் ஆரஞ்சிலேயே மாறிவிடுவது நல்லது. சிவப்பின்போது காற்று வந்துவிடலாம்.

கரைக்கு அருகில் உருவாகும் புயல் இவ்வளவு அவகாசமும் தராது. நிசர்கா 2020 ஜூன் 1 அன்று தாழ்வு மண்டலமாகி, 3ஆம் தேதி பிற்பகலில் அலிபாகுக்குத் தெற்கே கரையேறிவிட்டது. மும்பை பெரும்பாலும் தப்பியது; ராய்கட் மாவட்டத்தில் வீடுகளும் தோப்புகளும் சாய்ந்தன. "சிவப்பு என்றார்கள், ஒன்றுமில்லையே" என்று மும்பையில் சொன்னவர்களுக்கும் அந்த மாவட்டத்துக்கும் இடையே உள்ள தூரம் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு.

புயல் கடக்கையில் காற்று திடீரென்று ஓய்ந்தால் கதவைத் திறக்காதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி வீசும்.