ஆதார் விலாச மாற்றம்: ஆவணம் பிள்ளையின் பெயரில் இருந்தால்

நமது ஆலயக் குடும்பங்களில் பலருக்குத் தமிழகத்தில் தாய் தந்தையர் உள்ளனர். அவர்கள் வீடு மாறும்போது ஆதாரில் உள்ள விலாசத்தை இணையத்தில் மாற்றும் வேலை பெரும்பாலும் இங்குள்ள பிள்ளைகளிடமே வந்து சேருகிறது. அதில் அடிக்கடி இடறும் ஓர் இடத்தை மட்டும் இங்கே நோக்குவோம்.

திருச்சியில் தனியே இருந்த ஓர் அம்மையார், சென்னையில் உள்ள மகளுடன் குடியேறுகிறார் என்று கொள்வோம். வீட்டின் மின்கட்டணப் பட்டியல் மருமகன் பெயரில் இருக்கிறது. விலாசத்துக்கு ஆதாரமாகக் கொடுக்கும் பத்திரத்தில் விண்ணப்பதாரரின் பெயரே இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பட்டியல் அம்மையாருக்கு உதவாது. அதனை ஏற்றி அனுப்பினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கட்டிய கட்டணமும் திரும்பாது.

இத்தகையோருக்காக 2023ஆம் ஆண்டு முதல் இன்னொரு வழி உண்டு. குடும்பத் தலைவராக ஒருவர் சம்மதம் தந்தால், அவருடைய ஆதாரில் உள்ள விலாசம் இவருக்கும் பதியப்படும். தலைவர் பதினெட்டு வயது கடந்தவராயிருந்தால் போதும், மகளும் தலைவராகலாம்.

அம்மையார் myaadhaar.uidai.gov.in என்னும் தளத்தில் தமது ஆதார் எண்ணையும், பதிவு செய்த கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும் கொடுத்து நுழைய வேண்டும். (தொலைபேசி அவர் கையில் இருக்கும் நேரம் பார்த்து இங்கிருந்து அழைப்பது நல்லது, அந்த எண் சில நிமிடங்களே செல்லும்.) விலாச மாற்றத்தில் Head of Family என்ற வழியைத் தெரிந்து, மகளின் ஆதார் எண்ணை இட்டு, உறவுக்கான சான்றை ஏற்றிக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். மகளின் விலாசம் திரையில் தோன்றாது. அதனால் மகளின் ஆதாரில் இப்போதைய வீடுதான் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடையது பழைய வாடகை வீடாக இருந்தால் அம்மையாருக்கும் அதுவே வந்து சேரும்.

உறவுச் சான்றில் இருவர் பெயரும் உறவும் தெரிய வேண்டும். குடும்ப அட்டையில் தாயின் பெயர் இன்னும் சேர்க்கப்படாவிட்டால் மகளின் கடவுச்சீட்டு உதவும். அதில் தாயின் பெயர் உண்டு. ஆனால் ஆதாரில் முதலெழுத்துடனும் கடவுச்சீட்டில் விரித்தும் பெயர் எழுதப்பட்டிருப்பது நம்மவரிடையே சாதாரணம். எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆவணம் எதுவுமே இல்லையெனில், உரிய படிவத்தில் தலைவர் தரும் சுய உறுதிமொழி ஏற்கப்படும்.

பணம் கட்டியதும் SRN எனப்படும் கோரிக்கை எண் கிடைக்கும். வேலை முடிந்தது என்று பலர் இங்கேயே நின்றுவிடுகின்றனர். உண்மையில் மகளுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். அவர் தமது கணக்கில் நுழைந்து, முப்பது நாட்களுக்குள் சம்மதம் தர வேண்டும். தவறினாலோ மறுத்தாலோ கோரிக்கை மூடப்படும், கட்டணமும் போய்விடும். கோரிக்கை எண்ணை எழுதி வைத்தால், அதே தளத்தில் Check Enrolment & Update Status என்ற இடத்தில் நிலையை இங்கிருந்தே பார்க்கலாம்.

விலாசம் மாறினாலும் ஆதார் எண் மாறாது. புதிய விலாசத்துடன் மின் ஆதாரை இறக்கி, வங்கிக்குத் தனியே கொடுக்க வேண்டும். வங்கி தானாக மாற்றிக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது.