இன்னும் கொஞ்சம் ஆடினால் விழுமா?

கேள்வி: ஸ்லாட் இயந்திரத்தில் ஜாக்பாட் ஒரு கட்டம் தள்ளி நின்றுவிட்டது. ஆய்வகச் சான்றிதழ் பெற்ற இயந்திரம்தானே, தொடர்ந்து ஆடினால் விழுமா?

பதில்: விழும் என்று நம்பக் காரணமே இல்லை. உள்ளே ஒரு நிரல் இடைவிடாமல் எண்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தும்போது எடுக்கப்படும் எண்தான் முடிவு. அதன்பின் சக்கரம் சுழல்வது வெறும் காட்சி. முந்தைய ஆட்டங்கள் அந்த எண்ணைப் பாதிப்பதில்லை.

1984-இல் இங்கெ டெல்னஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 நிறுத்தங்கள் என்றால், கணினிக்குள் 64 இருக்கலாம். அதில் ஜாக்பாட் சின்னத்துக்கு ஒன்றே ஒன்று. அதை ஒட்டிய வெற்றிடங்களுக்குப் பல. எனவே மூன்று சக்கரங்களிலும் ஜாக்பாட் விழும் வாய்ப்பு 10,648-இல் ஒன்றல்ல, 2,62,144-இல் ஒன்று. மயிரிழையில் தவறுவதுபோல் அடிக்கடி தோன்றுவதும் இதனால்தான்.

ஆய்வகம் சோதிப்பது, எண்களை முன்கூட்டி ஊகிக்க முடியாது என்பதையும், அறிவித்த விகிதப்படி பணம் திரும்புகிறது என்பதையும்தான். அந்தச் சான்று, சோதித்த நிரல் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். விகிதம் 90% என்றால், நெடுநாள் ஆட்டத்தில் பந்தயம் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 10 ரூபாய் சூதாட்டக் கூடத்துக்கே. ஆட்டத்தில் மோசடி இல்லை என்பதற்குத்தான் சான்று. உங்களுக்கு லாபம் என்பதற்கு அல்ல.