சின்னம் ஒன்று, கோப்பு எது?

பெங்களூரில் சிற்றுண்டிப் பொடிகள் அரைத்து விற்கும் வாடிக்கையாளர் ஒருவர், தொழில் விரிவாக்கக் கடன் பெற்றுப் புதிய கடை திறந்தார். சிவப்பு வட்டம், அதனுள் வளைந்த மிளகாய், கீழே கடையின் பெயர்: இதுவே அவருடைய சின்னம். முகவரி அட்டையில் அது அழகாகவே இருந்தது. அதே சின்னத்தைப் பத்தடி அகலப் பெயர்ப்பலகையில் அச்சிட்டு மாட்டியபோது, மிளகாய் புகை மூட்டத்தினுள் கிடப்பது போலவும் எழுத்துகளின் ஓரம் அழுக்கேறியது போலவும் தோன்றின. அச்சகத்தார் இயந்திரத்தில் குறையில்லை என்றார். அவர் கூறியது உண்மையே. குறை, அவரிடம் தரப்பட்ட கோப்பில் இருந்தது.

அந்தக் கோப்பு, கைபேசிச் செய்தியில் வந்த ஒரு ஜேபெக் படம். அதன் அகலம் 600 பிக்சல். பிக்சல் என்பது ஒரே நிறம் கொண்ட ஒரு சிறு கட்டம். இத்தகைய கட்டங்களை வரிசை வரிசையாக அடுக்கி உருவாக்கப்படும் படத்தையே ராஸ்டர் என்கிறோம். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல, எத்தனை கட்டங்கள் என்பது படம் உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. பின்னர் படத்தைப் பெரிதாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஒவ்வொரு கட்டமும் பருக்கிறது, அவ்வளவே.

கணக்கைப் பார்ப்போம். முகவரி அட்டையில் சின்னத்தின் அகலம் இரண்டு அங்குலம். 600 பிக்சலை இரண்டால் வகுத்தால் அங்குலத்துக்கு 300. கையில் வைத்துப் படிக்கும் அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் அளவு இதுவே. ஆகவே அட்டையில் குறை தெரியவில்லை. பத்தடிப் பலகை என்பது 120 அங்குலம். அதே 600 பிக்சலை 120ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு ஐந்தே பிக்சல். அதாவது ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் அகலம். அச்சு மென்பொருள் இந்தக் கட்டங்களுக்கு இடையே நிறங்களைக் கலந்து நிரப்பியதால்தான், சதுரங்களுக்குப் பதிலாகப் புகை மூட்டம் தெரிந்தது. பெயர்ப்பலகையைத் தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்பதால் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டியதில்லை. ஆனாலும் ஐந்து என்பது தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தே கண்ணை உறுத்தும் அளவு.

எழுத்துகளின் ஓரத்து அழுக்குக்குக் காரணம் வேறு. ஜேபெக் முறை, கோப்பைச் சிறிதாக்குவதற்காகக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கைவிடுகிறது. ஒளிப்படத்தில் இந்த இழப்பு தெரிவதில்லை. கூரிய ஓரங்களைக் கொண்ட எழுத்தைச் சுற்றியோ, அது மங்கிய கறைகளாக வெளிப்படுகிறது. செய்திச் செயலி வழியாகப் படமாக அனுப்பும்போது மேலும் ஒரு முறை சுருக்கப்படுகிறது. பத்துப் பேர் கைமாறிய சின்னம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை!

வெக்டர் முறை இதற்கு முற்றிலும் வேறானது. அதில் கட்டங்கள் இல்லை; வரைவதற்கான குறிப்புகளே உள்ளன. நம் வாடிக்கையாளரின் சிவப்பு வட்டத்தை எஸ்விஜி என்னும் வெக்டர் வடிவில் எழுதினால் இவ்வளவுதான்:

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" viewBox="0 0 100 100">
  <circle cx="50" cy="50" r="40" fill="#b71c1c"/>
</svg>
```

நூற்றுக்கு நூறு அலகுள்ள பரப்பில், நடுப்புள்ளி 50, 50, ஆரம் 40, நிறம் அடர் சிவப்பு. திரையோ அச்சுப்பொறியோ இக்குறிப்பைப் படித்துத் தனக்கு வேண்டிய அளவில் வட்டத்தைப் புதிதாக வரைந்துகொள்கிறது. ஆகவே பேனா மூடியின் அளவிலும் பலகையின் அளவிலும் ஓரம் ஒரே கூர்மையுடன் அமைகிறது. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின் கத்தி நகர்வதற்கும் இத்தகைய கோட்டுப் பாதைதான் தேவை. கட்டங்களைப் பார்த்துக் கத்தியால் வெட்ட இயலாது.

எனவே சின்னத்தின் மூலக்கோப்பு வெக்டராகவே இருக்க வேண்டும். வடிவமைப்பாளரிடம் அவர் வரைந்த மென்பொருளின் கோப்பையும், அதனுடன் பிடிஎஃப், எஸ்விஜி ஆகிய இரண்டையும் கேட்டுப் பெறுக. நம் நாட்டு அச்சகங்களில் கோரல்டிரா பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதன் புதிய பதிப்பில் சேமித்த `.cdr` கோப்பைப் பழைய பதிப்பு திறப்பதில்லை. பிடிஎஃப் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தவிர்க்கிறது.

பெறும்போது இரண்டைச் சோதிக்க வேண்டும். முதலாவது, அது உண்மையான வெக்டர்தானா என்பது. ஜேபெக் படத்தை அப்படியே பிடிஎஃப் கோப்பினுள் ஒட்டிக் கொடுப்பவர் உண்டு; கோப்பின் பெயர் மாறுமே தவிர உள்ளிருப்பது பழைய கட்டங்களே. கோப்பைத் திறந்து இயன்ற மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஓரம் கூராகவே இருந்தால் வெக்டர், படிக்கட்டாகவோ மங்கலாகவோ மாறினால் ராஸ்டர். எஸ்விஜியை எழுத்துத் திருத்தியில் திறந்து, சின்னம் முழுவதும் `<image` என்று தொடங்கும் ஒரே வரியில் அடங்கியிருக்கக் கண்டாலும் முடிவு அதுவே.

இரண்டாவது, பெயரின் எழுத்துரு. வடிவமைப்பாளரின் கணினியில் உள்ள எழுத்துரு அச்சகத்தில் இல்லையெனில், வேறோர் எழுத்துரு அவ்விடத்தில் வந்து அமரும். பழைய, ஒருங்குறி அல்லாத தமிழ் எழுத்துருக்களில் இது இன்னும் மோசம். பெயரே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறக்கூடும். கோரல்டிராவில் `Convert to Curves`, இன்க்ஸ்கேப்பில் `Object to Path` என்னும் கட்டளை, எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிவிடும். அதன்பின் எந்தக் கணினியிலும் அவை மாறா. மாற்றிய பின் எழுத்தைத் தட்டச்சிட்டுத் திருத்த இயலாது என்பதால், மாற்றாத படி ஒன்றையும் தனியே வைத்திருப்பது நல்லது.

ராஸ்டருக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. கைபேசிச் செயலியின் முகப்புப் படம், இணையக் கடைகளின் பக்கம், மின்னஞ்சலின் அடிப்பகுதி ஆகியவை பெரும்பாலும் ராஸ்டரையே கேட்கும். அங்கே வெக்டரிலிருந்து வேண்டிய அளவில் பிஎன்ஜி எடுத்துத் தருக. பிஎன்ஜி எதையும் இழக்காமல் சுருக்குவது. பின்னணியை ஒளிபுகுமாறு விடவும் வல்லது. ஜேபெக்கில் அது இயலாது. வண்ணப் பொட்டலத்தின் மேல் சின்னத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். பொடியின் ஒளிப்படத்துக்கு ஜேபெக் பொருத்தமே, சின்னத்துக்கு அன்று.

நம் வாடிக்கையாளருக்கு வருவோம். சின்னத்தை முதலில் வரைந்தவர் கடையை மூடிச் சென்றுவிட்டார். மூலக்கோப்பு எங்கும் இல்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் இன்க்ஸ்கேப்பில் `Trace Bitmap` என்னும் வசதி, ராஸ்டரின் ஓரங்களைப் பின்தொடர்ந்து தானே கோடு வரைகிறது. அதை முயன்றபோது வட்டம் உருளைக்கிழங்கு போல் வந்தது; எழுத்தோரக் கறைகளும் தனித்தனித் திட்டுகளாக வரையப்பட்டன. தெளிவான, பெரிய படமாக இருந்திருந்தால் அது உதவியிருக்கலாம். இறுதியில் வேறொரு வடிவமைப்பாளர் பழைய படத்தை அடியில் வைத்து அனைத்தையும் கையால் மீண்டும் வரைந்தார். மிளகாயின் வளைவுக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. மற்றவை அரை நாள் வேலை. பலகைக்கோ இரண்டாம் முறை முழுச் செலவு.

இம்முறை அவர் கோப்புகளுடன் ஒரு தாளும் எழுதி வாங்கிக்கொண்டார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை மாற்றித் தருவது உரியவரின் கையொப்பத்துடன் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகள் என்றே கொள்ளப்படும். பணம் கொடுத்துவிட்டோமே என்று அதை வாய்ச்சொல்லோடு விடுவோர் நம்மிடையே பலர். கோப்புகளை அவர் இப்போது கணினியில் ஒரு படி, மின்னஞ்சலில் ஒரு படி, கடன் பத்திரங்கள் உள்ள அலமாரியில் பென்டிரைவில் ஒரு படி என வைத்திருக்கிறார்.