சுட்டெண்ணோடு பொருந்தாத ஆண்டு

அன்புள்ள மகள்,

தம்புள்ளையில் நேர்முகப் பரீட்சை முடிந்து மாத்தளைக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான், சுயவிபரக்கோவையில் உயர்தரப் பரீட்சை ஆண்டு 2022 என்று இருப்பதைக் கண்டதாக எழுதியிருந்தாய். சான்றிதழில் இருப்பது 2021. அவர்கள் கேட்காவிட்டால் விட்டுவிடலாமா என்கிறாய். விடாதே.

தவறு வந்த வழி எனக்குத் தெரியும். கொவிட்டால் தள்ளிப்போன 2021 உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. நீ மண்டபத்தில் உட்கார்ந்த வருடத்தை எழுதிவிட்டாய். 2022க்குரிய பரீட்சையும் அப்படித்தான், 2023 ஜனவரிக்குப் போனது. உன் வயதுப் பிள்ளைகள் பலரின் விண்ணப்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெறுபேற்றைச் சரிபார்ப்பவர் ஆண்டையும் சுட்டெண்ணையும் சேர்த்துத்தான் தேடுவார். 2022ஐயும் உன் சுட்டெண்ணையும் கொடுத்தால் உன் பெயர் வராது. வேறு யாருடைய பெறுபேறாவது வரக்கூடும். அந்த நேரத்தில் உன் பக்கத்தைச் சொல்ல நீ அங்கே இருக்கமாட்டாய்.

முதலில் மூலச் சான்றிதழை எடுத்துப் பார். ஞாபகத்தை நம்பித் திருத்தினால் இரண்டாவது தவறு வரும். சாதாரண தரம், பயிற்சிநெறி, வேலைக் காலம் எல்லாவற்றையும் அதே இருப்பில் ஒப்பிட்டுவிடு. ஒரு திருத்தம் போனால் எவரும் பொறுப்பார்கள். மூன்று நாளில் மூன்று திருத்தம் போனால் முழுக் கோவையையும் சந்தேகிப்பார்கள்.

பிறகு, உன்னை அழைத்த அலுவலருக்கே நாளைக் காலையில் மின்னஞ்சல் அனுப்பு. இவ்வளவு போதும்:

“நேற்று கணக்கு உதவியாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு வந்திருந்தேன். எனது சுயவிபரக்கோவையில் உயர்தரப் பரீட்சை ஆண்டு 2022 எனத் தவறாக உள்ளது. சரியான ஆண்டு 2021. அப்பரீட்சை 2022 பெப்ரவரியில் ஆரம்பமானது. சான்றிதழின் பிரதியையும் திருத்திய கோவையையும் இணைத்துள்ளேன். தவறுக்கு வருந்துகிறேன்.”

பஸ் கதை, பதற்றம், அழுகை எதுவும் வேண்டாம். அங்கே கையால் நிரப்பி, விபரங்கள் உண்மை என்று கையொப்பமிட்ட படிவம் ஒன்றும் இருக்குமே? அதிலும் 2022 என்று எழுதியிருந்தால் அதையும் குறிப்பிட்டு, நேரில் வந்து திருத்தத் தயார் என்று ஒரு வரி சேர். பலர் மறப்பது அந்தப் படிவத்தைத்தான்.

உன்னுடையது உனக்கு லாபம் தராத தவறு. நான் நேர்முகக் குழுவில் இருந்தபோது ஒரு பையன், செப்டெம்பரில் விட்ட வேலையை டிசெம்பர்வரை செய்ததாக எழுதியிருந்தான். ஊழியர் சேமலாப நிதிக் கூற்றில் கடைசிப் பங்களிப்பு செப்டெம்பருக்கு. கேட்டபோது தட்டச்சுப் பிழை என்றான். உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அனுபவத்தைக் கூட்டிக் காட்டும் பிழை அது, நாங்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னான். வேலை வேறொருவருக்குப் போனது. இன்றும் அது எனக்கு மனவருத்தம்தான்.

பதில் வராவிட்டால் இரண்டு வேலை நாள் கழித்து ஒருமுறை தொலைபேசியில் கேள். அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப் பிரதியைச் சான்றிதழ்க் கோப்பிலேயே வைத்துக்கொள். நியமனக் கடிதம் வாங்கப் போகும் நாளில் அதுவும் உன் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா