கீழே போகும் அலை மேலே வருவது எப்படி?

என் நோட்ஸில் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் அவுட்புட்டில் எல்லா மேடும் மேல்நோக்கியே இருக்கிறது. நெகட்டிவ் பாதி எங்கே போனது? ஆஃப் வேவில் மட்டும் ஏன் இடைவெளி? – டிப்ளமோ மாணவர், நெய்வேலி

அலையை விட்டுவிட்டு, லோடு ரெசிஸ்டரில் கரன்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சம் சுமார் 17 வோல்ட்.

ஆஃப் வேவில் ஒரே டயோடுதான். மேல்முனை பாசிட்டிவாக இருக்கும் 10 மில்லிசெகண்டில் அது கடத்தும், 0.7 வோல்ட் போக 16.3 வோல்ட் மேடு கிடைக்கும். அடுத்த 10 மில்லிசெகண்டில் வழி அடைபடுவதால் தட்டையான கோடு. அதுதான் உங்கள் இடைவெளி.

பிரிட்ஜில் மேல்முனை பாசிட்டிவானால் ஒரு ஜோடி டயோடு கடத்தும். கீழ்முனை பாசிட்டிவானால் மற்ற ஜோடி. இரண்டு பாதையையும் வரைந்து பாருங்கள், ரெசிஸ்டருக்குள் அம்புக்குறி மாறவே மாறாது! நெகட்டிவ் பாதி தொலையவில்லை, திசை திருப்பப்பட்டிருக்கிறது. வழியில் இரண்டு டயோடு இருப்பதால் மேட்டின் உயரம் 15.6 வோல்ட்தான். பலரும் 16.3 என்றே எழுதி மார்க்கை இழக்கிறார்கள்.

கெப்பாசிட்டர் போடாமல் மல்டிமீட்டரை டிசியில் வைத்தால் ஆஃப் வேவ் சுமார் 5.2 வோல்ட், பிரிட்ஜ் சுமார் 9.9 காட்டும். பிரிட்ஜிலும் 5 வோல்ட்தான் வருகிறதா? ஒரு டயோடு ஓப்பன் ஆகி, அது ஆஃப் வேவாக வேலை செய்கிறது.

உங்கள் ஊர் அனல் மின் நிலையங்களில் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் கருவிக்கு உயரழுத்த டிசி தருவதும் இதே டிரான்ஸ்ஃபார்மர்–ரெக்டிஃபையர் ஏற்பாடுதான்.