கன்னத்தைக் குத்தும் பல் கம்பி

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் கோவையில் பல்லுக்குக் கம்பி போட்டோம். நான்கு நாட்களாக வலது பக்கக் கடைவாயில் மேல் கம்பியின் நுனி குத்தி, கன்னத்தில் வெள்ளையாகப் புண் வந்திருக்கிறது. நேற்று முறுக்கு சாப்பிட்டதில் கீழே ஒரு கட்டையும் ஆடுகிறது. அடுத்த முறை வரச் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் இருக்கிறது. கம்பியைக் கொறடால் வெட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். கட்டையை உடனடிப் பசையால் ஒட்டலாம் என்கிறார் கொழுந்தனார். மருத்துவர் திட்டுவாரோ, சிகிச்சை கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- கே. எஸ்., தாராபுரம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. இரண்டுமே இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நடப்பவைதான், யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் கொறடும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

முதலில் கம்பி. தொடக்க மாதங்களில் போடுவது மெல்லிய, வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும் நிக்கல்-டைட்டானியம் கம்பி. பற்கள் கோணலாக இருக்கும்போது அது நெளிந்து நெளிந்து போகிறது. பற்கள் நேராக ஆக, கம்பி போகும் வழியின் நீளம் குறையும். மிஞ்சிய கம்பி, கடைசிப் பல்லின் குழாய்க்கு (கம்பியின் முனை நுழைந்திருக்கும் சிறு உலோகத் துளை) வெளியே ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொள்ளும். பற்கள் நகரத் தொடங்கியதால் வருகிற தொந்தரவு இது.

இன்னொரு காரணமும் உண்டு. கம்பி முழுவதுமாக ஒரு பக்கம் சறுக்கியிருக்கலாம். அதனால் டார்ச் அடித்து மேல் வரிசையின் இடது பக்கக் கடைசிக் குழாயைப் பாருங்கள். அதில் கம்பி இருந்தால், வலது பக்கம் நீட்டியிருப்பது மிச்சக் கம்பிதான். குழாய் காலியாக இருந்தால் கம்பி சறுக்கியிருக்கிறது. வலது நுனியை வெட்டிவிட்டால் திரும்ப இழுத்துப் பொருத்தக் கம்பி போதாது. கொறடு வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். கடைவாய் வரை அது சரியாக எட்டாமல் குழாயையே பெயர்த்துவிடலாம், வெட்டிய துண்டு தொண்டைக்குள் போகலாம் என்பவை மற்ற காரணங்கள்.

சிலர் பென்சிலின் ரப்பர் முனையால் உள்ளே தள்ளச் சொல்வார்கள். கட்டையைச் சுற்றி முறுக்கியிருக்கும் மெல்லிய கட்டுக்கம்பியின் வால் குத்தினால் அது சரிதான், மடங்கிக்கொள்ளும். உங்கள் மகளுக்குக் குத்துவது முதன்மைக் கம்பி. மடக்கினாலும் நிமிர்ந்துவிடும்.

எனவே மெழுகு வையுங்கள். கம்பி போட்ட அன்று ஒரு சிறு டப்பாவில் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மருந்துக்கடையில் பல் கம்பி மெழுகு என்று கேளுங்கள், மெழுகுவத்தி உதவாது. பல் தேய்த்து, அந்த இடத்தைப் பஞ்சால் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தில் மெழுகு ஒட்டாது. 'மெழுகு நிற்கவே இல்லை டாக்டர்' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். பட்டாணி அளவு உருட்டி, நுனி மூடும்படி அழுத்துங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு மாற்றுங்கள். தவறி விழுங்கினாலும் கெடுதல் இல்லை.

நுனி உரசுவது நின்றால் புண் ஒரு வாரம், பத்து நாளில் தானே ஆறும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து, சாப்பிட்ட பின்பும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். சாலிசிலேட் (ஆஸ்பிரின் வகை மருந்து) சேர்ந்த வாய்ப்புண் ஜெல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, ஆடும் கட்டை (பல்லில் ஒட்டிய பிராக்கெட்). பஞ்சுக்குச்சியால் மெல்லத் தொடுங்கள். பல் அசையாமல் கட்டை மட்டும் கம்பியில் நகர்ந்தால், ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். ரப்பர் வளையம் அதைக் கம்பியோடு பிடித்திருப்பதால் விழாது. பிடுங்காதீர்கள், உறுத்தினால் அதற்கும் மெழுகு போதும். கழன்று கையோடு வந்தால் டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உடனடிப் பசை வாய்க்குள் போகக்கூடாத பொருள். அதோடு, கட்டை இருக்க வேண்டிய இடம் சற்றுப் பிசகினாலும் பல் தவறான பக்கம் திரும்பும்.

ஒரு ரப்பர் வளையம் மட்டும் கழன்றிருந்தால் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். உங்களுக்கு மூன்று வாரம் அதிகம். கட்டை விட்ட பல் அதுவரை நகராது, சற்றுப் பின்வாங்கவும் கூடும். ஒரு வாரத்துக்குள் பார்ப்பது நல்லது. இடது குழாய் காலியாக இருந்தாலோ, மெழுகு வைத்தும் கம்பி குத்தினாலோ, ஓரிரு நாளில் போய்விடுங்கள்.

முகம் வீங்கினாலும், காய்ச்சலோடு சீழ் வந்தாலும், ரத்தம் நிற்காவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கழன்ற துண்டு உள்ளே போய் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் பல் மருத்துவமனையைத் தேடாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

நாளைக் காலை தொலைபேசியில் கம்பி, கட்டை இரண்டையும் சொல்லுங்கள், முடிந்தால் படமும் அனுப்புங்கள். நுனியை நறுக்குவது சில நிமிட வேலை. கட்டையைத் திரும்ப ஒட்டக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதை ஒதுக்கிவைத்தால்தான் தாராபுரத்திலிருந்து இரண்டு முறை அலையாமல் ஒரே நாளில் முடியும்.